பில் கம்ப்யூட்டர் யாருக்கும் கதவு திறக்க வேண்டாம்

எனக்குத் தெரிந்த மளிகைக் கடை அண்ணாச்சிக்கு, ராத்திரி வீட்டில் இருந்தே அன்றைய விற்பனையைப் பார்க்க ஆசை. பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்த பையன் ஸ்டாட்டிக் ஐபி வாங்க வைத்து, ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை பில் கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிட்டான். விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் வழக்கமாகக் காது கொடுக்கும் எண் அது. செல்போனிலேயே கடைக் கணக்கு தெரிந்தது. அண்ணாச்சிக்கு ஏக சந்தோஷம்.

ஒரு நாள் கம்ப்யூட்டர் மந்தமாக ஓடுகிறது என்று கூப்பிட்டார். Event Viewer திறந்து, Windows Logs-இல் Security பகுதியைப் பார்த்தேன். 4625 என்ற எண் பக்கம் பக்கமாக இருந்தது. தவறான பாஸ்வேர்டு போட்டு யாரோ தோற்றுப்போனதற்கான பதிவு அது. சில நொடிக்கு ஒருமுறை, admin, Administrator, user என்று பெயர் மாற்றி மாற்றி முயன்றிருந்தார்கள். அண்ணாச்சி மேல் யாருக்கும் விரோதம் இல்லை. இணையத்தில் உள்ள ஐபி எண்களை வரிசையாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. திறந்த போர்ட் எதுவும் அவற்றுக்குத் தப்பாது. பாஸ்வேர்டு கடைப்பெயரும் 123-ம் என்றால், உள்ளே வந்து கணக்கு முழுவதையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள்.

“அடைத்துவிட்டால் யுபிஐ, ஜிஎஸ்டி எல்லாம் நின்றுபோகாதா?” என்றார். நிற்காது. மொத்த வியாபாரிக்கு நீங்கள் போன் போட்டால் அவரும்தானே பேசுகிறார்? அவர் பேசுவதற்காக உங்களுக்குத் தனியாக ஒரு அழைப்பு வரத் தேவையில்லை. பில் கம்ப்யூட்டர் செய்வதும் அதுதான்: கேட்பது அது, பதில் அதே இணைப்பில் திரும்பி வருகிறது. தானாக வரும் அழைப்பை மட்டும் மறுக்கிறோம்.

ரவுட்டர் பக்கத்தில் Port Forwarding அல்லது Virtual Server என்று இருக்கும் இடத்தில் அந்த வரியை நீக்கினேன். கேட்காமலே போர்ட் திறந்துவிடும் UPnP-ஐயும் அணைத்தேன். பிறகு அண்ணாச்சி போனில் வைஃபையை நிறுத்தி, மொபைல் டேட்டாவில் பழையபடி இணைக்கச் சொன்னேன். கிடைக்கவில்லை. வைஃபையிலேயே சோதித்தால் இது தெரியாது. அப்போது நாமே கடைக்குள் நிற்கிறோம்.

விண்டோஸ் ஃபயர்வாலிலும் உள்வரும் இணைப்பு அனைத்தையும் தடுக்கலாம். ஆனால் இரண்டாவது கவுண்டர் இதே கம்ப்யூட்டரில் இருந்து கணக்கு எடுத்தால் அது நின்றுவிடும்; அந்தக் கவுண்டருக்கு மட்டும் அனுமதி வைக்க வேண்டும். எனிடெஸ்க் போன்றவை உள்ளிருந்தே வெளியே இணைவதால் இந்தத் தடையில் சிக்காது. வேலை முடிந்ததும் அதை மூடுங்கள், நிரந்தர பாஸ்வேர்டு வைக்காதீர்கள். மெயிலில் வரும் போலி பில்லைத் திறந்தாலும் இந்தப் பூட்டு உதவாது.

அண்ணாச்சியின் ஆசைக்கும் வழி இருந்தது. ராத்திரி 10 மணிக்கு சாஃப்ட்வேரே விற்பனைக் கணக்கை அவர் மெயிலுக்கு அனுப்பிவிடுகிறது.