ஓடிபி யாருடைய போனுக்கு வருகிறது?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்காளர் 10-ம் தேதியோடு வேலையை விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ராஜினாமா கடிதத்தோடு இணைக்கும் ஹேண்ட்ஓவர் நோட்டில் ‘ஜிஎஸ்டி வேலை பாக்கி’ என்று எழுதிவிட்டுப் போனால், அடுத்து வருபவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. எழுத வேண்டியது இப்படி: ‘ஜிஎஸ்டிஆர்-1, கடைசி நாள் 11-ம் தேதி. விற்பனை பில்கள் ஏற்றியாகிவிட்டது. ஈரோடு பார்ட்டி திருப்பிய சரக்குக்கான கிரெடிட் நோட் மட்டும் முதலாளி மேஜையில் நிற்கிறது. 15-ம் தேதிக்குள் கட்ட வேண்டிய பிஎஃப் சலான் இன்னும் போடவில்லை.’ போன மாத டிடிஎஸ் 7-ம் தேதியே கட்டியாகிவிட்டதென்றால், அந்த ரசீது எந்த ஃபைலில் இருக்கிறது என்பதையும் சேர்க்க வேண்டும்.

பெரும்பாலும் சிக்குவது ஓடிபியில்தான். சின்னக் கம்பெனிகளில் ஜிஎஸ்டி தளத்தில் கணக்காளரின் சொந்த எண்ணையே பதிந்திருப்பார்கள். அவர் போன பிறகு பாஸ்வேர்டு மறந்தால் ஓடிபி பழைய ஆளுக்குப் போகும். அவர் எடுக்காவிட்டால் கம்பெனி ஆவணங்களோடு வரி அதிகாரியிடம் போய் நிற்க வேண்டும். வேலையில் இருக்கும்போதே எண்ணை மாற்றிவிட்டு, மாற்றிய தேதியை நோட்டில் குறியுங்கள். பாஸ்வேர்டை மட்டும் நோட்டில் எழுதவே வேண்டாம். அந்தத் தாள் பத்துப் பேர் கைக்குப் போகும். அடுத்து வருபவரிடம் நேரில் கொடுத்து, அவரையே உடனே மாற்றச் சொல்லுங்கள். முதலாளியின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் உங்கள் டிராயரில் இருந்தால் அவரிடமே கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். வாடிக்கையாளர் பட்டியலைச் சொந்த மெயிலுக்கு அனுப்பி வைத்துக்கொள்வது ‘பாதுகாப்புக்கு’ என்று தோன்றும்; அனுமதியில்லாமல் எடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் மாட்டவும் வழியிருக்கிறது.

இவ்வளவு எழுதுவது அடுத்து வருபவருக்காக மட்டுமல்ல. ஜிஎஸ்டி தாமதக் கட்டணம் வந்துவிட்டது, உங்கள் செட்டில்மென்டில் பிடிக்கிறேன் என்று சொல்லும் நிர்வாகங்கள் உண்டு. ஊதியச் சட்டத் தொகுப்பு 2019-ன்படி, ராஜினாமா செய்தவரின் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். அலட்சியத்தால் நஷ்டம் என்று பிடிப்பதானாலும், முதலில் பணியாளரிடம் விளக்கம் கேட்டாக வேண்டும். அப்போது காட்ட உங்களிடம் இருக்க வேண்டியது, பெற்றவர் கையெழுத்தும் தேதியும் உள்ள நோட்டின் நகல்.

கையெழுத்துப் போட மறுத்தால் சண்டை வேண்டாம். கம்பெனி மெயிலிலிருந்து நோட்டை மேலாளருக்கும் ஆடிட்டருக்கும் அனுப்பி, அனுப்பியதை பிரின்ட் எடுத்து வையுங்கள். கடைசி நாள் மாலை வரை தள்ளிப்போட்டால் மெயிலை முடக்கியிருப்பார்கள். இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுவது நல்லது. அப்புறமும் சம்பளம் வராவிட்டால் முதலில் எழுத்தில் கேளுங்கள், பிறகு தொழிலாளர் துறையில் மனுக் கொடுங்கள். அதற்கு மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது.