விலையா, அளவா, சேர்மானமா? ஓர் அரிசிக் கடைக் கணக்கு

வெளிமாநிலங்களில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் பல, சிறிதோ பெரிதோ ஒரு கடையை நம்பி வாழ்பவை. ஆண்டுத் தொடக்கத்தில் 'இந்த ஆண்டு இவ்வளவு விற்போம்' என்று ஒரு மதிப்பீடு எழுதி வைப்பதும், முடிவில் விற்றதை அதன் பக்கத்தில் எழுதிக் கூடுதலா குறைவா என்று பார்ப்பதும் இப்போது பல கடைகளில் வழக்கமாகிவிட்டது. ஆனால் அந்த ஒற்றை வித்தியாசத்தை மட்டும் பார்ப்பவர்கள் பாதிக் கணக்கைத்தான் பார்க்கிறார்கள். அதற்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்கும் முறையைக் கணக்கியலார் வேறுபாட்டுப் பகுப்பாய்வு என்பர். நாற்பது ஆண்டுகள் மும்பையில் அரிசி வியாபாரத்தில் இருந்தவன் என்ற முறையில், அரிசியை வைத்தே அதை விளக்க முயல்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு கடை. அண்ணனும் தம்பியும் பங்காளிகள். கொள்முதலும் பேரேடும் அண்ணன் பொறுப்பு. விற்பனை தம்பியின் பொறுப்பு. மூன்று மாதக் கணக்கு முடிந்ததும் இருவருக்கும் மனத்தாங்கல் வந்துவிட்டது. "மதிப்பீட்டைத் தாண்டி அறுபதாயிரம் வித்துக் குடுத்திருக்கேன். இதுக்கு மேல என்ன பண்ணணும்?" என்றார் தம்பி. "மூட்டை போகுது, சரிதான். காசு எங்கேடா நிக்குது?" என்றார் அண்ணன். இருவர் சொன்னதும் உண்மை. ஆனால் ஒருவர் சொன்னது மற்றவர் காதில் பழியாக விழுந்தது. பங்கைப் பிரித்துக்கொள்ளலாம் என்கிற பேச்சு வரைக்கும் போயிற்று. அந்தக் கணக்கை, எளிதில் விளங்குவதற்காக எண்களை முழுமையாக்கி இங்கே தருகிறேன். மூட்டை என்பது 25 கிலோ. விலை வரி நீங்கலானது.

மதிப்பீடு இது:
இட்லி அரிசி 400 மூட்டை, விலை 1,000 ரூபாய், மொத்தம் 4,00,000
பொன்னி புழுங்கல் 400 மூட்டை, விலை 1,500 ரூபாய், மொத்தம் 6,00,000
சீரகச் சம்பா 200 மூட்டை, விலை 2,500 ரூபாய், மொத்தம் 5,00,000
ஆக 1,000 மூட்டை, 15,00,000 ரூபாய்.

நடந்தது இது:
இட்லி அரிசி 580 மூட்டை, விலை 1,100 ரூபாய், மொத்தம் 6,38,000
பொன்னி புழுங்கல் 420 மூட்டை, விலை 1,600 ரூபாய்; மொத்தம் 6,72,000
சீரகச் சம்பா 100 மூட்டை, விலை 2,500 ரூபாய், மொத்தம் 2,50,000
ஆக 1,100 மூட்டை, 15,60,000 ரூபாய்.

வித்தியாசம் 60,000 ரூபாய் கூடுதல். இனி இதைப் பிரிப்போம்.

முதலில் விலை. மூட்டைக்கு எவ்வளவு கூடியதோ அதை உண்மையில் விற்ற மூட்டைகளால் பெருக்க வேண்டும். இட்லி அரிசியில் 100 ரூபாய் வீதம் 580 மூட்டைக்கு 58,000. பொன்னியில் 100 ரூபாய் வீதம் 420 மூட்டைக்கு 42,000. சம்பா விலை மாறவில்லை. ஆக, விலையால் வந்தது 1,00,000 ரூபாய் கூடுதல்.

இரண்டாவது அளவு. அரிசி எந்த ரகம் என்பதை மறந்துவிட்டு, மொத்தம் எத்தனை மூட்டை என்று மட்டும் பாருங்கள். 100 மூட்டை அதிகம் போயிருக்கிறது. மதிப்பீட்டின்படி சராசரி மூட்டை 1,500 ரூபாய். அதாவது 15,00,000 ரூபாயை 1,000 மூட்டையால் வகுத்தது. ஆக, அளவால் வந்தது 1,50,000 ரூபாய் கூடுதல்.

விலையும் அளவும் சேர்ந்தே இரண்டரை லட்சம் கூடியிருக்க வேண்டும். கூடியதோ அறுபதாயிரம். மீதி 1,90,000 எங்கே? அதுதான் மூன்றாவது. ஆங்கிலத்தில் மிக்ஸ் என்பார்கள். நான் சேர்மானம் என்று சொல்வது வழக்கம். லேகியத்துக்கு எந்தச் சரக்கு எத்தனை பங்கு என்பதுபோல, மொத்த விற்பனையில் எந்த ரகம் எத்தனை பங்கு என்பதே சேர்மானம்.

மதிப்பீட்டில் பத்து மூட்டைக்கு நான்கு இட்லி அரிசி, நான்கு பொன்னி, இரண்டு சம்பா. அதே விகிதத்தில் 1,100 மூட்டை விற்றிருந்தால் 440, 440, 220 என்று போயிருக்கும். நடந்ததோ 580, 420, 100. இட்லி அரிசி 140 அதிகம்; பொன்னி 20 குறைவு; சம்பா 120 குறைவு. இப்போது ஒவ்வொரு ரகத்தின் மதிப்பீட்டு விலையும் சராசரியான 1,500 ரூபாயிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இட்லி அரிசி சராசரியைவிட 500 ரூபாய் மலிவு. 140 மூட்டை கூடுதலாகப் போனதில் 70,000 குறைகிறது. பொன்னி சரியாகச் சராசரியில் நிற்பதால் பாதிப்பில்லை. சம்பா 1,000 ரூபாய் உயர்வு. 120 மூட்டை போகாததில் 1,20,000 குறைகிறது. இரண்டும் சேர்ந்து 1,90,000. கணக்கு நேராகிவிட்டது.

சிலர் இதே கணக்கில் சராசரியைக் கழிக்காமல் முழு விலையாலேயே பெருக்குவார்கள். மொத்தம் அதே 1,90,000தான் வரும். ஆனால் அப்படிச் செய்தால் இட்லி அரிசி வரிசையில் 1,40,000 ரூபாய் கூடுதல் என்று காட்டும். மலிவான சரக்கு அதிகம் போனது நல்லதுபோலத் தோன்றும். வரிசை வரிசையாகப் படிக்க வேண்டுமானால் சராசரியிலிருந்து விலகலைக் கொள்வதே சரி.

இன்னொரு சந்தேகமும் வரலாம். 180 மூட்டை இட்லி அரிசி அதிகம் போனது. அதற்கும் 100 ரூபாய் விலையேற்றம் கிடைத்தது. இந்த 18,000 ரூபாய் விலைக்குச் சேர்ந்ததா, அளவுக்குச் சேர்ந்ததா? உண்மையில் இரண்டுக்கும் பொது. விற்ற மூட்டையால் விலை வித்தியாசத்தைப் பெருக்குவதால் நாம் அதை விலைக்குத் தந்துவிட்டோம். இது வழக்கத்தில் உள்ள ஏற்பாடு, அவ்வளவுதான். ஒரு மாதம் இப்படி, மறுமாதம் வேறுமாதிரி என்று மாற்றாமல் இருந்தால் போதும்.

இனி அண்ணன் கேட்ட கேள்விக்கு வருவோம். இதே பிரிப்பை விற்பனைத் தொகையில் செய்யாமல் மூட்டைக்கு நிற்கும் லாபத்தில் செய்து பார்க்க வேண்டும். வாடகை, கூலி கழிக்காத லாபம் இட்லி அரிசியில் 60 ரூபாய், பொன்னியில் 120, சம்பாவில் 300. இந்தக் கணக்கில் மதிப்பிட்ட லாபம் 1,32,000. சராசரி மூட்டைக்கு 132 ரூபாய். இட்லி அரிசிக்கும் பொன்னிக்கும் கொள்முதல் விலையும் அதே 100 ரூபாய் ஏறிவிட்டதால் மூட்டை லாபம் மாறவில்லை. ஆகவே நடந்த லாபம் 34,800, 50,400, 30,000, ஆக 1,15,200. அறுபதாயிரம் அதிகம் விற்ற கடையில் லாபம் 16,800 குறைந்திருக்கிறது.

பிரித்துப் பார்த்தால் காரணம் தெளிவு. விலையால் வந்த ஒரு லட்சம் அப்படியே ஆலைக்காரரிடம் போய்விட்டது; கடைக்கு அதில் ஒரு பைசா இல்லை. அளவால் 100 மூட்டைக்கு 13,200 ரூபாய் வந்தது. அது தம்பியின் உழைப்பு. சேர்மானத்தால் 30,000 போனது. கூடுதல் விற்பனை உண்டு என்ற தம்பி பொய் சொல்லவில்லை. காசு நிற்கவில்லை என்ற அண்ணனும் பொய் சொல்லவில்லை.

சேர்மானம் ஏன் மாறியது என்பதைக் கணக்கு சொல்லாது. கடையில் விசாரித்துத்தான் அறிய வேண்டும். விசாரித்ததில் இரண்டு விஷயம் தெரிந்தது. பிரியாணிக்குச் சம்பா வாங்கிய ஒரு கேட்டரிங்காரர் வேறு ரகத்துக்கு மாறிவிட்டார். இது யார் குற்றமும் இல்லை. மற்றொன்று, கடைகளுக்குப் போய் ஆர்டர் எடுக்கும் பையனுக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று கமிஷன். எந்த மூட்டையானாலும் அதே கமிஷன். இட்லி அரிசி ஓட்டல்களுக்குச் சுலபமாகப் போகும். சம்பாவுக்கு நாலு தடவை நடக்க வேண்டும். அவன் எதைத் தள்ளுவான்? கமிஷனை மூட்டைமேல் வைக்காமல் லாபத்தின்மேல் வைத்தார்கள். பங்கு பிரிக்கும் பேச்சும் நின்றது.

விலை வரிசையைப் படிக்கும்போது எச்சரிக்கை வேண்டும். சந்தையே ஏறினால் விலை வித்தியாசம் சாதகமாகத் தெரியும். அது விற்றவர் திறமை ஆகாது. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை அரசு தடை செய்தது. ஆகஸ்டில் புழுங்கல் அரிசி ஏற்றுமதிக்கு 20 விழுக்காடு வரி போட்டது. 2024 செப்டம்பர், அக்டோபரில் இவை விலக்கப்பட்டன. இப்படிச் சட்டம் மாறும் காலத்தில், முன்பே எழுதிய மதிப்பீட்டு விலையை அளவுகோலாகப் பிடித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. அந்தந்த மாதச் சந்தை விலையையும் பக்கத்தில் எழுதி, விலை வித்தியாசத்தைச் சந்தையால் வந்தது, நம்மால் வந்தது என்று இரண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

அலகிலும் ஏமாறலாம். 2022 ஜூலை 18 முதல், பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசிக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. வந்தது. அதைத் தவிர்க்கப் பல ஆலைகள் 26 கிலோ மூட்டை போடத் தொடங்கின. மதிப்பீடு 25 கிலோ மூட்டையிலும் விற்பனை 26 கிலோ மூட்டையிலும் இருந்தால் என்ன ஆகும்? கிலோ 44 ரூபாய் இட்லி அரிசியின் மூட்டை 1,144 ரூபாய் ஆகும். விலை 144 ரூபாய் ஏறியதாகக் கணக்கு காட்டும். அதில் 44 ரூபாய் விலையேற்றமே அல்ல. அது ஒரு கிலோ அரிசி. மூட்டை எண்ணிக்கையும் குறைந்ததுபோலத் தோன்றும். எல்லாவற்றையும் கிலோவுக்கு மாற்றிய பிறகே பிரிக்க உட்கார வேண்டும்.

கடைசியாக ஒரு வரம்பு. சேர்மானக் கணக்கு, ஒன்றுக்குப் பதில் ஒன்று போகக்கூடிய, ஒரே அலகில் அளக்கக்கூடிய சரக்குகளுக்குத்தான் பொருந்தும். அரிசியையும் நல்லெண்ணெயையும் அப்பளக் கட்டையும் ஒன்றாகக் கூட்டி 'சராசரி உருப்படி' என்று எடுத்தால் வருகிற எண்ணுக்குப் பொருளே இல்லை. அப்படிப்பட்ட கடையில் வகைவகையாகத் தனித்தனியே இந்த மூன்றையும் போட வேண்டும். அரிசிக்கு ஒரு தாள், எண்ணெய்க்கு ஒரு தாள். தாள் ஒன்றுக்கு அரைமணி நேரம் போதும்.