மதியம் மட்டும் நிற்கும் ஏசி

பள்ளிபாளையத்திலோ குமாரபாளையத்திலோ, விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மாடியில் 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி, அதன் அவுட்டோர் யூனிட் மேற்குச் சுவரில். சித்திரை வெயில். காலையில் ஏசி ஒழுங்காக ஓடுகிறது, இரவிலும் குறையில்லை. மதியம் போட்டால் மட்டும் முதலில் குளிர்ச்சி குறைகிறது, இருபது நிமிடத்தில் ஓட்டமே நின்று, உள்ளே இருக்கும் யூனிட்டில் ஓர் எண் மின்னுகிறது. பார்க்க வந்தவர் எண்ணைப் படித்துவிட்டுச் சொல்கிறார்: "ஐ.பி.எம். எரருங்க. போர்டு போயிருச்சு, மாத்திரலாமுங்க."

அவர் எண்ணைத் தப்பாகப் படிக்கவில்லை. ஆனால் ஐ.பி.எம். எரர் வந்தாலே ஐ.பி.எம். செத்துவிட்டது என்று எடுத்துக்கொள்வதால்தான் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் ஒவ்வொரு கோடையிலும் பல நல்ல போர்டுகள் குப்பைக்குப் போகின்றன.

பழைய ஏசியில் கம்ப்ரசர் ஒரே வேகத்தில் ஓடும், அறை குளிர்ந்ததும் நிற்கும், மறுபடி கிளம்பும். இன்வெர்ட்டர் ஏசியில் அது நிற்பதற்குப் பதிலாக வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். அதற்காக அவுட்டோர் போர்டு, வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏசி மின்சாரத்தை முதலில் டிசியாக மாற்றிப் பெரிய கெப்பாசிட்டர்களில் தேக்குகிறது. அங்கே 310 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும். அந்த டிசியை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, கம்ப்ரசருக்கு வேண்டிய வேகத்தில் மூன்று ஃபேஸ் மின்சாரமாகத் தருவதுதான் ஐ.பி.எம். என்கிற பவர் மாட்யூல். தீப்பெட்டி அளவுள்ள ஒரு கறுப்புக் கட்டி. அதற்குள் ஆறு ஐ.ஜி.பி.டி. ஸ்விட்சுகள். இந்த ஐ.ஜி.பி.டி.யை உருவாக்கிய ஜெயந்த் பாலிகா 1948இல் மெட்ராஸில் பிறந்து, 1969இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்றவர். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் அவர் செய்த அந்த வேலைக்குத்தான் 2024இல் பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு கிடைத்தது. பள்ளிபாளையத்து மாடியில் வெந்துகொண்டிருப்பதும் அவருடைய கண்டுபிடிப்பே.

வேகும் என்பது மிகைப்பேச்சு இல்லை. ஸ்விட்ச் ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் கொஞ்சம் சூடு பிறக்கும். அதை வாங்கிக்கொள்ள மாட்யூலின் முதுகில் அலுமினிய ஹீட் சிங்க் இறுக்கப்பட்டிருக்கிறது. ஹீட் சிங்கின் இதழ்கள் அவுட்டோர் ஃபேன் இழுக்கும் காற்றின் பாதையில் நிற்கும். அதாவது, கண்டென்சரைக் குளிர்விக்கும் அதே காற்றுதான் மாட்யூலையும் குளிர்விக்கிறது. காற்று குறைந்தால் இரண்டு பக்கமும் அடி விழும். கண்டென்சர் சூடேறி, வாயுவின் அழுத்தம் ஏறி, கம்ப்ரசர் அதிக ஆம்பியர் இழுக்கும். அந்தக் கூடுதல் ஆம்பியரைச் சுமக்கும் மாட்யூலுக்கோ அப்போது காற்றே வராது. முதலில் போர்டு தானாகக் கம்ப்ரசர் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும். மதியம் குளிர்ச்சி குறைந்ததே, அது இந்தக் கட்டம். அப்படியும் சூடு அடங்காவிட்டால் ஓட்டத்தை நிறுத்தி எரர் காட்டும். மாட்யூல் கெட்டுப்போய் எழுப்பிய கூச்சல் இல்லை இது. கெட்டுப்போகாமல் இருக்க அது எடுத்துக்கொண்ட ஓய்வு.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, எரர் எப்போது வருகிறது என்பதுதான். உள்ளே ஓர் ஐ.ஜி.பி.டி. ஷார்ட் ஆகிவிட்டால் அதற்கு இரவு பகல் தெரியாது. கம்ப்ரசர் கிளம்பப் பார்க்கும் சில நொடிகளுக்குள் எரர் வந்துவிடும், இல்லாவிட்டால் ஃபியூஸ் போய்விடும். இருபது நிமிடம் ஓடிய பிறகு வருவதும், அரை மணி ஓய்வு கொடுத்தால் மறைவதும், இரவில் தலைகாட்டாததும் சூட்டின் அடையாளங்கள். சில கம்பெனிகள் இவற்றுக்குத் தனித்தனி எண்ணே வைத்திருக்கின்றன. டைகினில் L5 என்றால் இன்வெர்ட்டரில் மிகை மின்னோட்டம், L4 என்றால் ஹீட் சிங்க் சூடு, E7 என்றால் அவுட்டோர் ஃபேன் மோட்டார். எல்லாக் கம்பெனியும் இவ்வளவு தெளிவாகப் பிரித்துச் சொல்வதில்லை.

நம் வீட்டில் அவுட்டோர் யூனிட்டின் முன்பக்கம் பளிச்சென்று இருந்தது. யாரும் பார்க்காதது அதன் பின்பக்கம். இந்த யூனிட்டுகள் பின்னாலிருந்து காற்றை இழுத்து முன்னால் தள்ளுபவை. தறிக்கூடத்திலிருந்து பறக்கும் பஞ்சு அத்தனையும் சுவரைப் பார்த்த பின்பக்கத்தில் போய் மெத்தைபோல் படிந்திருந்தது. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வீடுகளில் பஞ்சுக்குப் பதில் தீவனத் தூசும் இறகுத் துணுக்கும் இருக்கும். விளைவு ஒன்றுதான். பஞ்சை எடுத்த அன்றே மதியமும் ஏசி நிற்காமல் ஓடியது.

கதை இதோடு முடிந்திருந்தால் நல்லது. பஞ்சை எடுத்த விதத்தில்தான் வினை. லாரி ஊர் அல்லவா, 'வாட்டர் சர்வீஸ்' பம்பு கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அந்த அழுத்தத்தில் அடித்த தண்ணீர் பஞ்சோடு நிற்கவில்லை. ஃபேன் மோட்டாரின் தண்டு வழியாகவும், ஒயர் நுழையும் இடத்திலும் உள்ளே கசிந்துவிட்டது. சில வாரம் கழித்து ஒரு கோடை மழை இரவில் ஏசி முழுதாகச் செத்தது. இந்த முறை எண் இல்லை. அவுட்டோர் போர்டில் எரிய வேண்டிய சின்ன விளக்குகூட எரியவில்லை. புதிய போர்டு வந்தது. மாட்டி ஸ்விட்சைப் போட்டதும் அதுவும் செத்தது.

காரணம் அந்த மோட்டாருக்குள் இருக்கிறது. பழைய ஏசியின் ஃபேனுக்கு ஒரு கெப்பாசிட்டர் போதும். இன்வெர்ட்டர் ஏசியில் இருப்பது, நூறு இருநூறு சுற்றிலிருந்து ஆயிரம் சுற்றை ஒட்டிப் படிப்படியாக ஓடக்கூடிய பி.எல்.டி.சி. மோட்டார். பெரும்பாலான மாடல்களில் அதை ஓட்டும் மின்சுற்றையும் மோட்டாரின் வயிற்றுக்குள்ளேயே வைத்து மூடியிருப்பார்கள். போர்டிலிருந்து ஐந்து ஒயர் போகும். வழக்கமான நிறம் இப்படி: சிவப்பில் 310 வோல்ட்டை ஒட்டிய டிசி, கறுப்பு கிரவுண்டு, வெள்ளையில் உள் மின்சுற்றுக்கான 15 வோல்ட், மஞ்சளில் 'இவ்வளவு வேகம்' என்று போர்டு இடும் கட்டளை, நீலத்தில் 'இத்தனை சுற்று' என்று மோட்டார் திருப்பிச் சொல்லும் துடிப்பு. நீலத்தில் பதில் வராவிட்டால் ஃபேன் எரர்.

வெள்ளை ஒயரைக் கவனியுங்கள். அந்த 15 வோல்ட் மோட்டாருக்கு மட்டும் உரியது அல்ல. ஐ.பி.எம்.முக்குள் இருக்கும் ஸ்விட்சுகளைத் திறந்து மூடும் சுற்றுக்கும் அதே 15 வோல்ட்தான் சாப்பாடு. தண்ணீர் புகுந்த மோட்டாரில் வெள்ளையும் கறுப்பும் ஷார்ட் ஆனால், போர்டின் சிறு மின்வழங்கி மூச்சுத் திணறி மொத்தப் போர்டும் இருளும். உள்ளேயே 310 வோல்ட் வழி தவறி வெள்ளையிலோ மஞ்சளிலோ பாய்ந்தால், போர்டின் மூளையான மைக்ரோ கன்ட்ரோலர் வரை எரியும். முதல் போர்டு எரிந்ததும் இரண்டாவது போர்டு எரிந்ததும் ஒரே மோட்டாரால்.

சேலத்தில் போர்டு பழுது பார்க்கும் பெஞ்சில் அனுபவசாலி ஒருவர் இதை எப்படிப் பிடிப்பார்? மின்சாரத்தை நிறுத்தி, சில நிமிடம் காத்திருந்து, பெரிய கெப்பாசிட்டரில் மீட்டர் வைத்துப் பார்ப்பார். மீதி வோல்ட் இருந்தால் ஸ்குரூடிரைவரால் பொறி பறக்க வைக்காமல் ஒரு குண்டு பல்பை வைத்து இறக்குவார். பிறகு மோட்டார் பிளக்கைக் கழற்றுவார். மின்சாரம் ஓடும்போது இந்தப் பிளக்கைத் தொடவே கூடாது. கறுப்பு முள் முதலில் விட்டுப்போனால் 310 வோல்ட் திரும்பும் வழியைச் சின்ன ஒயர்களில் தேடும், நல்ல மோட்டாரும் அந்தக் கணத்தில் போய்விடும். கழற்றிய மோட்டாரில் வெள்ளைக்கும் கறுப்புக்கும், சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே ஓம் பார்ப்பார். நல்ல மோட்டாரில் ஆயிரக்கணக்கான ஓமோ அதற்கும் மேலோ காட்டும். ஒன்றிரண்டு ஓம் காட்டினால் மோட்டார் முடிந்தது. மோட்டார் இல்லாமல் போர்டுக்கு மின்சாரம் கொடுத்து 15 வோல்ட் திரும்பி வந்தால் அதுவே இரண்டாவது சாட்சி. புதிய போர்டையும் நேராக லைனில் மாட்டாமல் ஒரு குண்டு பல்பைத் தொடராகப் போட்டுச் சோதிப்பார். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், போர்டு பிழைக்கும். கம்ப்ரசரை ஓட்ட இந்தப் பல்பு வழி உதவாது. உயிர் இருக்கிறதா என்று பார்க்க மட்டும்.

ஐ.பி.எம்.மைச் சோதிப்பதும் கடினமில்லை. கம்ப்ரசரின் மூன்று ஒயரையும் எடுத்துவிட்டு மீட்டரை டயோடு நிலையில் வைத்து, டிசியின் மைனஸில் சிவப்பு முனையும் மூன்று வெளிவழிகளில் ஒவ்வொன்றாகக் கறுப்பு முனையும் வைத்தால் 0.4 வோல்ட்டை ஒட்டி மூன்று முறையும் ஒரே அளவு வர வேண்டும். பிளஸில் கறுப்பை வைத்துத் திருப்பிப் பார்த்தாலும் அப்படியே. ஒன்று மட்டும் சுழி காட்டினால் அந்த ஸ்விட்ச் ஷார்ட். அப்போதும் கம்ப்ரசரின் மூன்று சுற்றுகளும் சம ஓமில் இருக்கின்றனவா, அவற்றில் ஏதாவது பாடியைத் தொடுகிறதா என்று பார்க்காமல் புதிய மாட்யூலைப் போடுவது, ஓட்டைப் பானையில் மறுபடி தண்ணீர் ஊற்றுவதுதான். இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. ஆறு அளவும் சரியாக இருந்தும் உள்ளே ஸ்விட்சை இயக்கும் சுற்று கெட்டிருக்கலாம். மீட்டருக்கு அது தெரியாது.

மாட்யூலை மாற்றும் இடத்தில் நடக்கும் இன்னொரு தவறு வெள்ளைப் பசை. மாட்யூலுக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் அந்தப் பசையை மெல்லிய படலமாகப் பூசாமல் விட்டாலோ, ஒரு பக்க ஸ்குருவை மட்டும் முதலில் முழுதாக இறுக்கி மாட்யூலைச் சாய்த்துவிட்டாலோ, மார்கழி வரை ஓடும் போர்டு பங்குனியில் கைவிரிக்கும்.

நம் வீட்டுக்கு மூன்றாவதாக ஒரு போர்டும், கூடவே ஒரு புதிய ஃபேன் மோட்டாரும் தேவைப்பட்டன. முதலிலேயே மோட்டாரைச் சோதித்திருந்தால் ஒரு போர்டின் விலை மிஞ்சியிருக்கும். உங்கள் வீட்டில் அவுட்டோர் யூனிட்டைக் கழுவ நேர்ந்தால் பின்பக்கப் பஞ்சை முதலில் மென்மையான பிரஷ்ஷால் எடுங்கள், மின்பெட்டியையும் மோட்டாரையும் மூடிவிட்டுச் சாதாரணக் குழாய்த் தண்ணீரை விடுங்கள். யாராவது போர்டை மாற்றச் சொன்னால், பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள்: "ஃபேன் மோட்டாருக்கு மீட்டர் வெச்சுப் பாத்தீங்களா?"