நோட்டில் யார் பெயர் இருக்கிறது?

ஒரு மேல்நிலைப் பள்ளியின் மாணவர் பேரவை ஜனவரி 5-ஆம் தேதி மாலை கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வந்திருப்பவர்கள் பத்துப் பேர். 12-ஆம் தேதி பள்ளியில் பொங்கல் விழா. செயலாளரான பதினோராம் வகுப்பு மாணவி கூட்டம் முடிந்ததும் தீர்மான நோட்டில் இப்படி எழுதுகிறாள்:

"பொங்கல் விழாவைச் சிறப்பாகக் கொண்டாடுவது பற்றிப் பேசப்பட்டது. செலவுக்கு வகுப்புகளில் பணம் வசூலிக்கலாம் என்று அனைவரும் ஒப்புக்கொண்டனர். சாமான் வாங்கும் பொறுப்பை 11-ஆம் வகுப்பு மாணவர்கள் ஏற்றுக்கொண்டனர்."

தமிழில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் விழாவன்று காலையில் வெல்லம் வந்து சேரவில்லை என்றால் யாரைக் கேட்பது? 11-ஆம் வகுப்பில் எழுபது பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் இன்னொருவர் வாங்கியிருப்பார் என்று நினைத்திருப்பார்கள். அதில் யாருடைய தவறும் இல்லை. குறிப்பில்தான் ஆள் இல்லை. "பேசப்பட்டது", "கவனிக்கப்படும்", "ஆவன செய்யப்படும்" என்று முடியும் வாக்கியங்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் குறை உண்டு. அதே முடிவை அவள் இப்படி எழுதியிருக்கலாம்:

"தீர்மானம் 2: பொங்கல் விழாவை 12-ஆம் தேதி காலை 10 மணிக்குப் பள்ளி மைதானத்தில் நடத்துவது. அரிசி, வெல்லம், பருப்பு, நெய் வாங்குபவர்: 11-அ வகுப்புப் பிரதிநிதி. செலவு ரூ. 2,100-க்கு மேல் போகக் கூடாது. 10-ஆம் தேதி மாலைக்குள் வாங்கிவிட வேண்டும். பில்லை 11-ஆம் தேதி பொருளாளரிடம் கொடுக்க வேண்டும்."

இங்கே பொறுப்பின் பெயரை மட்டும் தந்திருக்கிறேன். நோட்டில் அந்த மாணவரின் பெயரும் வேண்டும். கடைக்கு மூன்று பேர் சேர்ந்து போகலாம். ஆனாலும் பதில் சொல்ல வேண்டியவராக ஒருவர் பெயரைத்தான் எழுத வேண்டும். கூட்டத்துக்கு வராத மாணவருக்கு வேலை கொடுத்திருந்தால், அன்றே அவரிடம் சொல்லிச் சம்மதம் வாங்கிய பிறகே அவர் பெயரைச் சேர்க்க வேண்டும்.

பணத்துக்கு வருவோம். பேரவையின் கையிருப்பு ரூ. 4,350. பன்னிரண்டு வகுப்புகள், வகுப்புக்கு ரூ. 200 வீதம் வசூல் ரூ. 2,400. ஆக மொத்தம் ரூ. 6,750. பொங்கல் சாமான் 2,100, கரும்பும் தோரணமும் 1,200, போட்டிப் பரிசுகள் 1,500, ஒலிபெருக்கி வாடகை 1,000 என்று செலவு ரூ. 5,800 ஆகிறது. மீதி ரூ. 950. இத்தனையும் நோட்டில் ஏற வேண்டும். அதைவிட முக்கியம், வசூல் வந்துவிட்டதா, வரப்போகிறதா என்று குறிப்பது. வராத பணத்தைக் கையிருப்போடு கூட்டி எழுதுவதுதான் மாணவர் கணக்குகளில் அடிக்கடி நேரும் பிழை. நான்கு வகுப்புகள் பணம் தரவில்லை என்றால் ரூ. 800 குறையும், மீதி ரூ. 150-தான். அந்த நிலையில் எந்தச் செலவைக் குறைப்பது என்பதையும் அதே கூட்டத்தில் முடிவுசெய்து எழுதிவிடுவது நல்லது.

கணக்கில் இந்தக் கண்டிப்பு நமக்குப் புதிதல்ல. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஊர்ச் சபையின் முடிவுகளைப் பதித்தவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது என்கிறது அந்தச் சபை. சபை பணித்தபடி இதை எழுதினேன் என்று எழுதியவரும் தன் பெயரைச் சொல்லியே முடிக்கிறார்.

கூட்டத்தில் சண்டை வந்தால் அதை எழுத வேண்டுமா? ஒலிபெருக்கி வேண்டாம் என்று இரண்டு பேர் கடுமையாகப் பேசினார்கள் என்றால், யார் என்ன சொன்னார் என்பது தேவையில்லை. "ஒலிபெருக்கி வாடகைக்கு ஆதரவு 8, எதிர்ப்பு 2. ஏற்கப்பட்டது" என்றால் போதும். செயலாளர் எதிர்த்தவர்களில் ஒருவராக இருந்தாலும் எழுத்தில் அது தெரியக் கூடாது. முடிவாகாத விஷயத்தையும் விட்டுவிடாமல், அடுத்த கூட்டத்துக்குத் தள்ளப்பட்டது என்றும், அதற்குள் விவரம் கேட்டு வருபவர் யார் என்றும் குறிக்க வேண்டும்.

கூட்டத்தில் கிறுக்கிய குறிப்பை அன்று இரவே நோட்டில் எழுதிவிடுங்கள். இரண்டு நாள் போனால் 2,100 என்றது 1,200 ஆகிவிடும். எழுதியது அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக வாசிக்கப்படும். யாராவது தவறைச் சுட்டினால் வெள்ளை மை பூசாமல், பழைய எழுத்து தெரியும்படி ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் திருத்தத்தை எழுதித் தலைவரின் கையெழுத்தை வாங்க வேண்டும். பேரவை மனம் மாறினால் பழைய தீர்மானத்தில் கை வைக்காமல், அதை ரத்துசெய்யும் புதிய தீர்மானத்தை எழுத வேண்டும்.

இந்த ஆண்டு செயலாளராகியிருக்கும் பிள்ளைகளே, நோட்டு கைக்கு வந்ததும் முதலில் எல்லாப் பக்கங்களுக்கும் எண் போடுங்கள். நடுவில் ஒரு தாள் கிழிந்தாலும் தெரிந்துவிடும்.