ஹெல்மெட் படும் இடத்தில் மட்டும் பரு

வீடுவீடாக உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் 24 வயது இளைஞர் ஒருவர் சிகிச்சைக்கு வந்திருந்தார். காலை 11 மணிக்கு மாட்டும் ஹெல்மெட்டை அவர் முழுதாகக் கழற்றி வைக்க இரவு பத்தரை ஆகிவிடும். புகைக்கும் தூசிக்கும் பயந்து உள்ளே ஒரு மாஸ்க்கும் போட்டுக்கொள்வார். அவருடைய நெற்றியில் பரு இல்லை. இரண்டு கன்னங்களிலும் காதுக்கு முன்னாலிருந்து தாடை ஓரம் வரை சிவந்து தடித்த பருக்கள் இருந்தன. மோவாய்க்கு அடியில், வார் படும் இடத்தில் இன்னொரு வரிசை.

"பதினாறு வயசுலகூட எனக்கு இப்படி வந்ததில்ல டாக்டர். ஒரு நாளைக்கு ஆறு தடவை சோப்பு போட்டுக் கழுவுறேன். கழுவக் கழுவக் கூடிக்கிட்டேதான் போகுது" என்றார்.

ஹெல்மெட்டை எடுத்துவந்து என் முன்னால் மாட்டிக் காட்டச் சொன்னேன். உள்ளே கன்னத்தை ஒட்டி நிற்கும் பஞ்சு எங்கே அழுத்தியதோ, சரியாக அங்கேதான் பருக்கள் இருந்தன.

### அழுக்கு காரணமில்லை

இந்த வகைப் பருவை 1975-இல் மில்ஸ், கிளிக்மன் என்ற இரண்டு தோல் மருத்துவர்கள் விரிவாக எழுதி, 'ஆக்னி மெக்கானிகா' என்று பெயரிட்டார்கள். உரசலாலும் அழுத்தத்தாலும் கிளம்பும் பரு என்று பொருள். கொரோனா காலத்தில் மாஸ்க் போட்டவர்களுக்கு வந்ததும் பெரும்பாலும் இதுதான்.

எண்ணெய்ச் சுரப்பிகள் நிறைந்த முகத்தில், கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அடைப்புகள் மயிர்க்கால்களுக்குள் எப்போதும் சில இருக்கும். வெளியே தெரியாமலே அவற்றில் பல அடங்கிவிடும். ஈரப் பஞ்சு மணிக்கணக்கில் மேலே கிடந்தால் மயிர்க்காலின் வாய்ப்பகுதி ஊறிப் பருத்து, இருந்த சிறு வழியும் அடைபடுகிறது. உள்ளே சூடு ஏறுவதால் எண்ணெயும் கூடுதலாகச் சுரக்கிறது. தலையைத் திருப்பும்போதெல்லாம் பஞ்சு உரச, அந்த அடைப்பு தோலுக்குள்ளேயே உடைகிறது. கசிந்த எண்ணெயும் கிருமியும் சுற்றியுள்ள தோல் திசுவைத் தொட்டதும் அந்த இடம் சிவந்து வீங்குகிறது.

ஆறு முறை சோப்பு போட்டும் அந்த இளைஞருக்கு ஏன் குணமாகவில்லை என்பது இதிலிருந்து விளங்கும். தேய்த்துக் கழுவுவதும் ஓர் உரசல்தான். போதாக்குறைக்குச் சோப்பு தோலின் மேற்படலத்தை வறட்டி, பஞ்சின் அடுத்த உரசலைத் தாங்க முடியாமல் செய்கிறது.

### இதே இடத்தில் வரும் வேறு சில

தாடையில் வருவதெல்லாம் ஹெல்மெட்டால் வருவதில்லை. பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் மோவாயிலும் தாடையிலும் வலியுள்ள பருக்கள் கூடினால், அதில் ஹார்மோனுக்குப் பங்கு இருக்கலாம். எல்லாம் ஒரே அளவில், கடுகு போல, நல்ல அரிப்போடு இருந்தால் அது ஈஸ்ட் பூஞ்சையால் வரும் மயிர்க்கால் அழற்சியாக இருக்கலாம். அதற்கு வேறு மருந்து. பட்டை பட்ட கோட்டிலேயே தோல் சிவந்து, அரித்து, செதில் உதிர்ந்தால் ரப்பரோ சாயமோ ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். ஒட்ட மழித்தவர்களுக்கு முடி உள்நோக்கி வளர்ந்து வரும் கட்டியும் வார் படும் இடத்தில்தான் தெரியும்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. விடுமுறைக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் ஹெல்மெட் இல்லாமல் இருந்தபோது புதுப் பரு வராமல் நின்றதா? திரும்பிய சில நாட்களில் மறுபடி தொடங்கியதா? அப்படியானால் உரசலுக்குப் பெரும் பங்கு இருக்கிறது.

### முதலில் பஞ்சைக் கவனிக்க வேண்டும்

அவருடைய ஹெல்மெட் பஞ்சை வாங்கியதிலிருந்து ஒருமுறைகூடத் துவைத்ததில்லை. தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெயும் வியர்வையும் ஊறி அது பிசுபிசுத்துக் கிடந்தது. தேங்காய் எண்ணெய் மயிர்க்காலை அடைக்கக்கூடியது. காலையில் தலையில் தடவியது வியர்வையோடு இறங்கி நாள் முழுக்கக் கன்னத்தில் ஒத்தப்படுகிறது. எண்ணெயை வேலை முடிந்த பிறகு வைத்து, மறுநாள் தலைக்குக் குளித்துவிட்டுக் கிளம்பச் சொன்னேன்.

பல ஹெல்மெட்டுகளில் கன்னப் பஞ்சு பட்டனில் மாட்டியிருக்கும். இழுத்தால் வந்துவிடும். வாரம் ஒருமுறை, குழந்தைகளுக்கான ஷாம்பூ கலந்த வெதுவெதுப்பான நீரில் அமுக்கி அமுக்கி அலசி, நுரை போகும்வரை கழுவி, நிழலில் காயவைக்க வேண்டும். முழுதாக உலர ஒரு நாள் ஆகலாம். அரைகுறை ஈரத்தோடு மாட்டினால் துவைக்காததைவிட மோசம். அதனால் விடுமுறைக்கு முந்தைய இரவில் துவைப்பது வசதி. கழற்ற முடியாத பஞ்சு என்றால் ஈரத்துணியால் துடைத்து, மின்விசிறிக்கு நேராகக் கவிழ்த்து வைக்கலாம்.

உள்ளே மெல்லிய பருத்தித் தலையுறை ஒன்று போடுவது இதைவிடப் பலன் தரும். கன்னத்தையும் தாடையையும் மூடும் வகையாக மூன்று வாங்கி, நனைந்ததும் மாற்றி, அன்றன்றே துவைக்கச் சொன்னேன். இனி பஞ்சு உரசுவது தலையுறையை, தோலை இல்லை. வாருக்கும் ஒரு மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றிக்கொள்ளலாம்.

பருவுக்குப் பயந்து வாரைத் தளர்த்துவதையும், பஞ்சைப் பிடுங்கிவிட்டு ஓட்டுவதையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். விழும்போது ஹெல்மெட் தலையில் நிற்பது அந்த இறுக்கத்தால்தான். கன்னம் நசுங்கி வலித்தால் அளவு தவறு. சரியான அளவுக்கு மாற்றுங்கள். வண்டியை நிறுத்தி இறங்கும்போதெல்லாம் கழற்றி, சுத்தமான துணியால் கன்னத்தை ஒற்றி எடுத்தாலே பாதிச் சூடு தணியும்.

மாஸ்க்கிலும் அதே கணக்குத்தான். ஈரமானதை மாற்ற வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒன்றையே போட்டிருக்க வேண்டாம். துணி மாஸ்க்கை வாசனையில்லாத சோப்பில் துவைத்து நன்றாக அலசுங்கள்.

### முகத்துக்கு என்ன செய்வது

காலையும் இரவும் மென்மையான ஃபேஸ்வாஷ், விரல் நுனியால் மட்டும். ஸ்க்ரப், பீர்க்கங்காய் நார் எதுவும் வேண்டாம். கிளம்புமுன் எண்ணெய்ப் பிசுக்கில்லாத மாய்ஸ்சரைசரை மெல்லப் பூசினால் உரசல் குறையும். மேக்கப் போட்டு அதன்மேல் மாஸ்க் போடாதீர்கள். மழிப்பதை இரவில், முடி வளரும் திசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்தாக அவருக்கு இரண்டு எழுதினேன். 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடை இரவில் பூசி, ஓரிரு நிமிடத்தில் கழுவிவிட வேண்டும். இது துணியின் நிறத்தை வெளுத்துவிடும் என்பதால் வெள்ளைத் துண்டில் துடைப்பது நல்லது. முகம் உலர்ந்த பிறகு அடாபலீன் ஜெல், ஒரு நாள் விட்டு ஒரு நாள், பட்டாணி அளவு முழுத் தாடைக்கும். முதல் வாரங்களில் தோல் உரிந்து எரியும். கர்ப்பிணிகள் அடாபலீனைத் தொடக்கூடாது. இரண்டையும் மருத்துவரிடம் கேட்டே தொடங்க வேண்டும்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்புதான் எனக்குப் பெரிய கவலை. மூன்றே நாளில் சிவப்பு அடங்கும். நிறுத்தியதும் இரட்டிப்பாகத் திரும்பும், தோலும் மெலிந்துபோகும். குழாயில் பீட்டாமெதசோன், க்ளோபெடசால் என்று அச்சிட்டிருந்தால் முகத்தில் பூசாதீர்கள்.

ஆழமாக, கல் போலக் கட்டி இருந்தாலும், குழி விழத் தொடங்கினாலும், எட்டு வாரம் கடந்தும் புதுப் பரு வந்துகொண்டிருந்தாலும் தோல் மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும்.

அந்த இளைஞர் ஐந்தாம் வாரம் வந்தபோது பெரிய மாற்றமில்லை என்று சலித்துக்கொண்டார். புதிதாக வந்தவற்றை மட்டும் எண்ணச் சொன்னேன். கன்னத்தில் மூன்றுதான் இருந்தன. பதினோராம் வாரம் சிவப்பு அடங்கி, பழுப்புக் கறைகள் மட்டும் மிஞ்சியிருந்தன. நம் நிறத்தில் அவை மங்க இன்னும் பல மாதங்கள் ஆகும். வெயிலில் போகுமுன் சன்ஸ்க்ரீன் பூசவும், கிள்ளாமல் இருக்கவும் சொல்லி அனுப்பினேன்.