86 மதிப்பெண்ணும் 2,400 உடுப்புகளும்

கைக்குழந்தைகளுக்கான உடுப்பு தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு திருப்பூர் நிறுவனத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். உடுப்பின் அடிப்பக்கத்தில் வரும் ஸ்னாப் பட்டன்களை வெளியே ஒரு ஜாப் ஒர்க் யூனிட் அடித்துத் தருகிறது. அங்கே தர ஆடிட் முடிந்து 20 பக்க அறிக்கை வருகிறது. கேள்விப் பட்டியல், புகைப்படங்கள், கடைசியில் 100-க்கு 86 மதிப்பெண். வேலை நெருக்கடியில் இருக்கும் மேலாளர் முழுதாகப் படிப்பது, அதன் மேல் இணைத்து வரும் ஒரு பக்கக் குறிப்பை மட்டும்தான். சரக்கை ஏற்றுவதா, நிறுத்துவதா என்று அவர் முடிவெடுப்பதும் அதை வைத்துத்தான்.

அந்தக் குறிப்பை மதிப்பெண்ணில் தொடங்குவதுதான் வழக்கம்: “யூனிட் 86 பெற்றுள்ளது. மேஜர் 1, மைனர் 4.” இது மேலாளரைத் திசைதிருப்பும். செக்கிங் டேபிளின் வெளிச்சமும் பட்டனின் பிடிப்பும் ஒரே கூட்டலில் கலந்து வந்த எண் அது. எது குழந்தையின் தொண்டையில் சிக்கும் என்பதை அது சொல்லாது.

பட்டனின் பிடிப்பைப் பார்க்க இழுவைச் சோதனை இருக்கிறது. பட்டனைக் கருவியில் கவ்வி, 90 நியூட்டன் விசையில், அதாவது ஏறக்குறைய 9 கிலோ எடைக்குச் சமமான இழுப்பில், 10 விநாடி நிறுத்துவார்கள். கழன்றால் தோல்வி. பல பையர்கள் கேட்கும் அளவு இது. நம் உதாரணத்தில் ஆடிட்டர் 3-ஆம் எண் இயந்திரத்தில் அடித்த 5 பீஸை இழுத்துப் பார்த்தார். 2 பீஸில் பட்டன் கழன்றுவிட்டது. திங்கள் காலை துணி மெல்லிய சிங்கிள் ஜெர்சிக்கு மாறியிருந்தது. துணியின் தடிமனுக்கு ஏற்ப அழுத்தத்தை மாற்றவில்லை, உள்ளே பட்டையும் வைக்கவில்லை. பட்டனின் பற்கள் துணியைப் பிடிக்காமல் கிழித்திருந்தன. சோதனைப் பதிவேட்டில் அந்த இயந்திரத்துக்குக் கடைசிப் பதிவு சனிக்கிழமை மாலை.

குறிப்பு எழுதுபவர் இங்கேதான் நிதானிக்க வேண்டும். கடைசியாகச் சரியென்று பதிவானது சனிக்கிழமை, குறை கண்டது செவ்வாய் மதியம். இடையில் அந்த இயந்திரத்தில் அடித்த பீஸ்கள் எத்தனை, இப்போது எங்கே இருக்கின்றன? டெலிவரி சலானோடு ஒப்பிட்டுப் பார்த்தால் 2,400 பீஸ். அதில் 900 ஏற்கெனவே பேக்கிங்குக்குப் போய்விட்டது. ஆகவே குறிப்பின் முதல் வரிகள் இப்படி அமைய வேண்டும்:

“3-ஆம் இயந்திரத்தில் திங்கள் முதல் செவ்வாய் மதியம் வரை அடித்த 2,400 பீஸை ஏற்ற வேண்டாம் எனப் பரிந்துரைக்கிறேன். 1,500 யூனிட்டிலும் 900 நம் பேக்கிங்கிலும் தனியே நிறுத்தி வைக்கப்பட்டுள்ளன. மற்ற மூன்று இயந்திரங்களில் எடுத்த மாதிரிகள் தேறின. மாற்று பீஸ் தைப்பதா, பையரிடம் அவகாசம் கேட்பதா என்று இன்று மாலைக்குள் நீங்கள் முடிவு சொல்ல வேண்டும்.”

மீதி பீஸையும் சோதித்துப் பிரித்துக்கொள்ளலாமே என்று மேலாளர் கேட்கக்கூடும். முடியாது. இழுத்துப் பார்க்கும்போதே துணி சேதமாகலாம். பட்டனைக் கழற்றினால் மெல்லிய துணியில் ஓட்டை நிற்கும். இந்த ஒரு காரணத்தையும் குறிப்பிலேயே எழுதிவிட்டால், அரை நாள் பேச்சு மிச்சமாகும்.

ஆடிட்டர் பார்க்காததையும் ஒரு வரியில் சொல்ல வேண்டும். இரவு ஷிப்ட் ஓடும்போது அவர் அங்கே இல்லை என்றால், அந்த ஷிப்டைப் பற்றி அறிக்கைக்கு எதுவும் தெரியாது. நான்கு மைனர்களுக்கு இரண்டு வரி போதும். விவரம் உள்ளே இருக்கிறது.

அடுத்தது நடவடிக்கைகள். இயந்திரத்தை நிறுத்தியதும் பீஸைப் பிரித்ததும் கண்ட குறையைச் சரிசெய்வது மட்டுமே. அது மறுபடி வராமல் தடுப்பது வேறு வேலை. இரண்டையும் தனித்தனியே எழுதாவிட்டால், முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதும் முடிந்ததாகக் கணக்குக் காட்டுவார்கள். “ஆபரேட்டர் மறந்துவிட்டார்” என்பது காரணம் ஆகாது. துணி மாறிய பிறகு சோதனையே இல்லாமல் இயந்திரம் எப்படி ஓட முடிந்தது? தொடங்க அனுமதிக்கும் கையெழுத்து என்று ஒன்று அங்கே இல்லை. அதனால் கேட்க வேண்டியது இது: துணியோ டையோ மாறினால் 5 பீஸ் இழுத்துப் பார்த்து, தரப் பொறுப்பாளர் கையெழுத்திட்ட பிறகே இயந்திரம் ஓட வேண்டும். யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்பதும் கூடவே வர வேண்டும். “விரைவில்” என்பது தேதி அல்ல.

முடிந்ததா என்று பார்க்கும் வழியையும் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள். சுவரில் ஒட்டிய அறிவிப்பின் புகைப்படம் சான்று ஆகாது. ஒரு மாதம் கழித்து, சொல்லாமல் போய், துணி மாறிய நாட்களையும் இழுவைச் சோதனைப் பதிவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு நாள் விடுபட்டிருந்தாலும் அந்த மேஜரை மூடாதீர்கள். யூனிட்டின் பதிலில் “பணியாளருக்கு அறிவுறுத்தப்பட்டது” என்று மட்டும் இருந்தால், ஏற்காமல் திருப்பி அனுப்புங்கள்.