ஓவர்டைமில் பி.எஃப். பிடிக்கலாமா?

கோவையில் ஒரு லேத் பட்டறை. டர்னரின் அடிப்படைச் சம்பளம் 13,000 ரூபாய். பஞ்சப்படி தனியாக இல்லை. 26 வேலைநாளுக்கு வகுத்தால் நாளுக்கு 500, எட்டு மணி நேர வேலையில் மணிக்கு 62.50. ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டிப்பு, அதாவது 125. இந்த மாதம் அவர் 12 மணி நேரம் கூடுதலாக உழைத்திருக்கிறார்.

| அடிப்படை | ஓவர்டைம் | பி.எஃப். | கைக்கு |
|---|---|---|---|
| 13,000 | 1,500 | 1,560 | 12,940 |

பி.எஃப். 12 சதவீதம் அடிப்படைக்கு மட்டுமே. ஓவர்டைம் அதில் சேராது. மொத்தம் 14,500-க்கும் கணக்கிட்டால் பிடித்தம் 1,740 ஆகி, தொழிலாளிக்கு 180 ரூபாய் குறையும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. விடுப்பில்லாத இரண்டு மாதங்களின் பட்டியலை அருகருகே வையுங்கள். ஓவர்டைம் மாறும்போது பி.எஃப். தொகையும் மாறினால், கணக்கு தவறு.